வினாத்தாள் எழுதும்போது: ஒரு கேள்விக்கு ஒரு திறன், ஒரே பொருள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். தேர்வு நெருங்கினால் தெரிந்த ஆசிரியர்கள் வினாத்தாளோடு வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கணக்கிலிருந்து வந்தவை. மற்ற பாடக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கேள்வி ஒரே ஒரு திறனைத்தான் சோதிக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

விடைக்குறிப்பை எழுதுவதற்கு முன்னால் தவறான விடைகளை எழுதிப் பாருங்கள். நான் ஒரு பழைய நோட்டின் பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுக்கொள்வேன். இடப்பக்கம் பிள்ளைகள் எழுதக்கூடிய தவறான விடை, வலப்பக்கம் அது எதனால் வந்திருக்கும் என்ற காரணம். ஒவ்வொரு தவறான விடைக்கும் எதிரே ஒரே ஒரு காரணம் இருந்தால் கேள்வி சரி. ஒரே விடைக்கு இரண்டு காரணம் எழுத வேண்டி வந்தால், திருத்தும்போது உங்களால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. பிள்ளைக்குப் பரப்பளவு தெரியவில்லையா, அலகை மாற்றத் தெரியவில்லையா, அல்லது கேள்வியே புரியவில்லையா? சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போடுவதோடு வேலை முடிந்துவிடும்.

ஒரு கணக்கை எடுத்து முழுசாக் காட்டுங்களேன்.

நானே சில வருஷத்துக்கு முன் எழுதிய கேள்வி இது. உள்ளூர் உதாரணம் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது. வளவு என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் உள்ளே முற்றத்தைச் சுற்றிய பகுதி.

"ஒரு செட்டிநாட்டு வீட்டில் 24 அடி நீளமும் 16 அடி அகலமும் உள்ள வளவில், 12 அடிக்கு 6 அடி உள்ள முற்றம் தவிர, 8 அங்குல ஆத்தங்குடிக் கல் பதிக்க வேண்டும். ஒரு கல் 40 ரூபாய் என்றால் எவ்வளவு செலவாகும்?"

நான் மனதில் வைத்திருந்த வழி இதுதான். 24 × 16 = 384 சதுர அடி. முற்றம் 12 × 6 = 72. கழித்தால் 312 சதுர அடி. 8 அங்குலம் என்பது அடியில் மூன்றில் இரண்டு பங்கு, ஆகவே ஒரு கல்லின் பரப்பு 4/9 சதுர அடி. 312-ஐ 4/9-ஆல் வகுத்தால் 702 கல். 702 × 40 = 28,080 ரூபாய்.

இப்போது நோட்டின் இடப்பக்கத்துக்கு வாருங்கள். பாதி வகுப்பு 34,560 என்று எழுதியிருந்தது. அது 864 கல்லுக்கான விலை, அதாவது முற்றத்தைக் கழிக்காமல் போட்ட கணக்கு. சரி, கழிக்கத் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டேன். அப்புறம் ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டால், "வளவுன்னா கல்லு போடுற இடம்தானே டீச்சர், முற்றம் வேறதானே? 24க்கு 16ன்னு குடுத்ததே முற்றத்தைத் தள்ளின அளவுன்னு நினைச்சேன்" என்கிறாள். அவளுக்குக் கழிக்கத் தெரியாமல் இல்லை. என் வாக்கியத்தை அப்படியும் படிக்க இடம் இருந்தது. கழிக்கவே தெரியாத பிள்ளையும், கேள்வியை வேறு மாதிரி படித்த பிள்ளையும் ஒரே 34,560-இல் வந்து நிற்கிறார்கள். இந்தக் கேள்வியை மாற்றியே ஆக வேண்டும் என்று அங்கேதான் புரிந்தது.

வேறு ஓட்டைகளும் இருந்தன. 8 அங்குலம் என்றேன், கல் சதுரம் என்று சொல்லவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்லைப் பார்த்துத் தெரியும், ஆனால் தெரியும் என்று நான் எடுத்துக்கொள்ளக் கூடாது. "செலவு" என்றேன். கொத்தனார் வீட்டுப் பையன் ஒருவன் சிமெண்டும் கூலியும் எவ்வளவு என்று கேட்டான். சிரிப்பு வந்தது, ஆனால் அவன் கேட்டது நியாயம். "கல்லின் விலை" என்று எழுதியிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. இன்னும் சிலர் 8 அங்குலத்தை 0.8 அடி என்று எடுத்து 312-ஐ 0.64-ஆல் வகுத்து 487.5 கல் என்று நின்றார்கள். அவர்களுக்குப் பரப்பளவில் ஒரு குறையும் இல்லை. அலகு மாற்றத்தில் மட்டும்தான் இடறினார்கள், ஆனாலும் ஐந்து மதிப்பெண்ணில் பெரும்பகுதி போய்விட்டது.

இப்போது அதை இரண்டு தனிக் கேள்விகளாக வைத்திருக்கிறேன்.

முதலாவது: "ஒரு செவ்வகக் கூடத்தின் வெளி அளவு 24 அடி × 16 அடி. அதன் நடுவில், இந்த அளவுக்கு உள்ளேயே, 12 அடி × 6 அடி அளவுள்ள முற்றம் இருக்கிறது. முற்றத்தில் கல் பதிக்கவில்லை. கல் பதிக்கும் பரப்பு எத்தனை சதுர அடி?" விடை 312. 384 என்று வந்தால் கழிக்கவில்லை. 456 என்று வந்தால் கூட்டிவிட்டான்.

இரண்டாவது: "சதுர வடிவக் கல் ஒன்றின் பக்கம் 8 அங்குலம். 24 அடி நீளத்துக்கு இடைவெளி இல்லாமல் ஒரே வரிசையாகப் பதிக்க எத்தனை கற்கள் வேண்டும்? (1 அடி = 12 அங்குலம்)" விடை 36. பிள்ளை 30 என்று எழுதினால் 8 அங்குலத்தை 0.8 அடியாக எடுத்திருக்கிறான். 3 என்று எழுதினால் அலகையே பார்க்காமல் 24-ஐ 8-ஆல் வகுத்திருக்கிறான். 192 என்றால் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறான். விடையைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிடுகிறது.

விலைக் கேள்வியைத் தூக்கிவிட்டேன். 40-ஆல் பெருக்கத் தெரிகிறதா என்று எட்டாம் வகுப்பில் சோதிக்க வேண்டியதில்லை.

அடைப்புக்குறிக்குள்ள 12 அங்குலம்னு போட்டுக் குடுத்துட்டா அப்புறம் என்ன சோதனை?

எதைச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. அந்தக் கேள்வியில் நான் பார்ப்பது, அலகை மாற்றிவிட்டு வகுக்கத் தெரிகிறதா என்பதை. ஓர் அடிக்கு எத்தனை அங்குலம் என்ற நினைவாற்றலைப் பார்க்கவில்லை. பாடத்தில் பிள்ளைகள் மீட்டரும் சென்டிமீட்டரும்தான் படிக்கிறார்கள். அடியும் அங்குலமும் வீட்டில் கொத்தனார், ஆசாரி பேசக் கேட்டால்தான் தெரியும். கேட்காத பிள்ளை அதற்காக மதிப்பெண் இழக்கக் கூடாது. நினைவைத்தான் சோதிக்க வேண்டும் என்றால், "1 அடி எத்தனை அங்குலம்?" என்று ஒரு மதிப்பெண்ணுக்கு நேராகவே கேட்டுவிடுங்கள்.

எல்லாத்தையும் இப்படித் துண்டு போட்டா பிள்ளைங்க பெரிய கணக்கே போடப் பழக மாட்டாங்களே?

இது நியாயமான பயம். பல படிகளைக் கோத்துப் போடுவதும் ஒரு திறன்தான், அதையும் சோதிக்க வேண்டும். ஆனால் அதைச் சோதிக்கும் கேள்வியில் மற்ற படிகளைச் சுலபமாக வையுங்கள். அதே வளவுக் கணக்கில் 8 அங்குலத்துக்குப் பதில் 1 அடிச் சதுரக் கல் என்று கொடுத்துவிட்டால் பின்னமும் இல்லை, அலகு மாற்றமும் இல்லை. பரப்பைக் கண்டு, முற்றத்தைக் கழித்து, 312 கல் என்று வர வேண்டும். தவறினால், எதை முதலில் செய்வது எதை அடுத்துச் செய்வது என்பதில்தான் தவறியிருப்பான்.

இன்னொன்று. (அ), (ஆ), (இ) என்று பிரிக்கிறவர்கள் (ஆ)-வுக்கு (அ)-வின் விடையையே பயன்படுத்தச் சொல்கிறார்கள். முதல் படியில் இடறிய பிள்ளைக்கு மூன்றும் போச்சு. (ஆ)-வுக்கு வேறு எண்களைக் கொடுங்கள். இடம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

வாக்கியத்தில் எந்தத் தப்பும் இல்ல, ஆனா பிள்ளைங்க வேற விடை எழுதுறாங்க. ஏன்?

பாடப்புத்தகம் பேசுவதும் ஊர் பேசுவதும் வேறாக இருக்கும் இடங்களில்தான் இது அதிகம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். "10,000 ரூபாய்க்கு 2 வட்டி வீதம் 3 ஆண்டுகளுக்கு வட்டி எவ்வளவு?" என்று கேட்டிருந்தேன். என் விடைக்குறிப்பு 600. அப்பாவோடு கடையில் உட்காரும் பையன் 7,200 என்று எழுதியிருந்தான். தவறு என்று அடித்துவிட்டேன். மறுநாள் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ரெண்டு வட்டின்னா நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய் டீச்சர். பத்தாயிரத்துக்கு மாசம் 200. முப்பத்தாறு மாசத்துக்கு 7,200."

அவன் சொன்னது சரி. கொடுக்கல் வாங்கலிலேயே பெயர் வாங்கிய ஊர் இது. இங்கே கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் "ரெண்டு வட்டி"யை மாதக் கணக்காகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவதாக, கூட்டுவட்டிப் பாடம் முடித்திருந்த ஒரு பெண் 612.08 என்று எழுதியிருந்தாள். ஆண்டுக்கு 2 சதவீதக் கூட்டுவட்டி என்று வைத்தால் அதுவும் சரியே. ஆக ஒரு கேள்விக்கு மூன்று நியாயமான விடைகள். மூவருக்குமே முழு மதிப்பெண் போட்டேன். அடுத்த முறை "ஆண்டுக்கு 2% தனிவட்டி வீதம்" என்று எழுதினேன். "ஆண்டுக்கு", "தனி" என்ற இரண்டு சொல்லைத்தான் சேர்த்தேன். சண்டை நின்றுவிட்டது.

தமிழ்ல எழுதும்போது இரண்டு பொருள் வர்ற இடங்கள் எவை?

நம் இலக்கண உரைகளில் 'புலிகொல் யானை' என்று ஓர் உதாரணம் வரும். புலி யானையைக் கொன்றதா, யானை புலியைக் கொன்றதா? உருபு மறைந்திருப்பதால் இரண்டுக்கும் இடம் உண்டு. செய்யுளில் இடம் பார்த்துப் பொருள் கொள்ளலாம். தேர்வறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. "அழகப்பன் கடன் 5,000 ரூபாய்" என்று எழுதினால் அதுவும் புலிகொல் யானைதான். அவன் வாங்கிய கடனா, கொடுத்த கடனா? "அழகப்பன் வாங்கிய கடன்" என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. கேள்வியில் வேற்றுமை உருபையும் வினையையும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எண் வரும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். "சிவப்பு, கறுப்புக் கற்கள் 24 வாங்கினார்" என்றால் இரண்டும் சேர்த்து 24-ஆ, ஒவ்வொன்றும் 24-ஆ? "இரண்டும் சேர்த்து" என்றோ "தலா" என்றோ போடாமல் விடாதீர்கள். "வள்ளியைவிட மீனாள் இரண்டு மடங்கு அதிகம் சேமித்தாள்" என்பது அதைவிட மோசம். வள்ளி 100 ரூபாய் என்றால் மீனாள் 200 என்று பாதிப் பேர் சொல்வார்கள். நூறோடு இருநூறு அதிகம், எனவே 300 என்று மீதிப் பேர் சொல்வார்கள். இரண்டு தரப்பிடமும் நியாயம் உண்டு. "மீனாளின் சேமிப்பு வள்ளியின் சேமிப்பைப்போல் 2 மடங்கு" என்று எழுதினால் 200 மட்டுமே வரும்.

"வரை", "இடையே", "மேல்" – இதெல்லாம்?

"5 முதல் 10 வரை" என்றால் 5, 10 இரண்டையும் சேர்ப்பதா என்று ஒருமுறை அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடுங்கள். "20க்கு மேல்" என்பதற்குப் பதில் "20 அல்லது அதற்கு மேல்" என்றோ "20-ஐவிடப் பெரிய" என்றோ எழுதுங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பலவுள் தெரிகவில் விருப்பங்கள் குடுத்துடறோமே, அங்க குழப்பம் வராதுல்ல?

அங்கும் வரும். "பிள்ளையார்பட்டி எங்கே உள்ளது?" என்று கேட்டு, (அ) சிவகங்கை மாவட்டம் (ஆ) செட்டிநாடு (இ) மதுரை மாவட்டம் (ஈ) தஞ்சாவூர் மாவட்டம் என்று கொடுத்த தாளைப் பார்த்திருக்கிறேன். (அ), (ஆ) இரண்டுமே சரி. குழப்பத்துக்குக் காரணம் "எங்கே" என்ற சொல். "எந்த மாவட்டத்தில்" என்று கேட்டு நான்கு மாவட்டங்களையே விருப்பங்களாக வைத்தால் ஒரே விடைதான்.

அதே ஆசிரியர் அடுத்த கேள்வியில் "செட்டிநாடு எந்த மாவட்டம்?" என்று கேட்டிருந்தார். மாவட்டம் என்று குறிப்பாகக் கேட்டாயிற்றே என்று நினைக்கலாம். ஆனால் செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களிலும் இருக்கின்றன. அதோடு கானாடுகாத்தான் பக்கம் 'செட்டிநாடு' என்ற பெயரிலேயே ரயில் நிலையமும் இருக்கிறது. வட்டாரத்தைக் கேட்கிறாரா, அந்த இடத்தைக் கேட்கிறாரா? கேள்விச் சொல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. கேள்வியில் வரும் பெயரும் ஒன்றை மட்டுமே குறிக்க வேண்டும்.

"பின்வருவனவற்றுள் எது தவறானது அல்ல?" வகைக் கேள்விகளை நான் எழுதுவதில்லை. அது பாடத்தைச் சோதிக்கவில்லை, இரண்டு எதிர்மறையைத் தாண்டிக் குதிக்கத் தெரிகிறதா என்று சோதிக்கிறது.

அறிவியலில் "குறிப்பு வரைக" என்று கேட்பதை நிறுத்தச் சொல்றீங்களா?

முடிந்தால் நிறுத்துங்கள். "ஆத்தங்குடிக் கல் பற்றிக் குறிப்பு வரைக" என்று மூன்று மதிப்பெண்ணுக்குக் கேட்டால் ஒரு பிள்ளை பூ வடிவத்தைப் பற்றி எழுதும், ஒன்று வரலாறு எழுதும், ஒன்று செய்முறை எழுதும். மூன்றும் குறிப்புதான். எதற்கு மதிப்பெண் என்பது திருத்தும் ஆசிரியரின் மனதுக்குத்தான் தெரியும்.

நீங்கள் சோதிக்க நினைத்தது சிமெண்ட் எப்படி இறுகுகிறது என்பதை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் செய்முறையைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுங்கள்: "ஆத்தங்குடிக் கல் செய்ய, கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றுகிறார்கள். அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துகிறார்கள். கல்லைச் சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சுடாத கல் கெட்டியாவதற்குத் தண்ணீர் எவ்வாறு உதவுகிறது?" சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது என்பதே விடை. ஆத்தங்குடிக்கே போகாத பிள்ளையும் எழுதலாம், கல் பட்டறைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கூடுதல் சலுகை இல்லை. "காய்ந்து கெட்டியாகிறது" என்று எழுதும் பிள்ளைக்கு என்ன புரியவில்லை என்பதும் உடனே தெரிந்துவிடும். காய்வதையும் இறுகுவதையும் அது ஒன்றென்று நினைக்கிறது.

உள்ளூர்ச் சொற்களைப் போடலாமா, கூடாதா?

உங்கள் பள்ளிக்கு மட்டுமான தாள் என்றால் போடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்ப் பிள்ளைகள் எழுதும் பொதுத்தாள் என்றால் "வளவு" என்று எழுதாதீர்கள். திருநெல்வேலிப் பக்கம் வளவு என்றால் பல வீடுகள் அடங்கிய சுற்று, நமக்கோ வீட்டின் உள்ளே முற்றத்தைச் சுற்றிய பகுதி. "இரண்டாம் கட்டு" என்றாலும் வெளியூர்ப் பிள்ளை முழிக்கும். அதனால்தான் மேலே திருத்திய கேள்வியில் "செவ்வகக் கூடம்" என்று போட்டேன். அழகு குறைந்துவிட்டது, உண்மைதான். ஓரத்தில் ஒரு சின்னப் படம் போட்டு நான்கு அளவுகளையும் குறித்துவிட்டால், எந்தச் சொல்லை வைத்தாலும் பாதகமில்லை.

தேர்வுக்கு முன்னாடியே சரிபார்க்க ஒரு வழி சொல்லுங்க.

விடைக்குறிப்பைக் காட்டாமல், வேறு பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியரைத் தாளைப் போடச் சொல்லுங்கள். கணக்காசிரியரிடம் கொடுக்காதீர்கள். அவர் நீங்கள் சொல்ல வந்ததைப் பழக்கத்திலேயே ஊகித்துவிடுவார். தமிழாசிரியர் கிடைத்தால் மிக நல்லது. அவருக்குக் கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. "இந்தக் கேள்வி என்ன கேட்குது?" என்று உங்களிடம் திருப்பிச் சொன்னால் போதும். நீங்கள் நினைத்ததும் அவர் சொன்னதும் வேறுபடும் கேள்வியில் குறி போட்டுக்கொள்ளுங்கள். அவர் படிக்கும்போது பக்கத்திலிருந்து விளக்கம் சொல்லக் கூடாது. வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தேர்வு முடிஞ்ச பிறகுதான் கேள்வி குழப்பமா இருந்தது தெரியுது. இப்ப என்ன பண்றது?

முதலில் அது குழப்பமா, கடினமா என்று பாருங்கள். மொத்த மதிப்பெண் வரிசையில் விடைத்தாள்களை அடுக்கி, மேலிருந்து 27 சதவீதத்தையும் கீழிருந்து 27 சதவீதத்தையும் தனியே எடுங்கள். 40 பேர் வகுப்பில் அது 11 பேருக்கு 11 பேர். கடினமான கேள்வி என்றால் மேல் 11-இல் சிலராவது சரியாக எழுதியிருப்பார்கள், கீழ் 11-இல் அநேகமாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மேல் பக்கம் 4 பேர் சரி, கீழ்ப் பக்கம் 7 பேர் சரி என்று தலைகீழாக வந்தால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வாக்கியத்தில் நீங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களின் தவறான விடைகளை வரிசையாகப் பாருங்கள். ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் இரண்டாவது பொருள். 22 தாள்தான் என்பதால் ஒன்றிரண்டு பேர் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது பொருள் உறுதியானால், அதன்படி சரியாகப் போட்ட எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். கேட்டு வந்த பிள்ளைக்கு மட்டும் போட்டுவிட்டு விடுவது நியாயமில்லை. கேட்கத் தயங்கிய பிள்ளையும் அதே விடையைத்தான் எழுதியிருக்கும். வட்டிக் கணக்கில் அந்தப் பையன் வந்த பிறகு மீதித் தாள்களைத் திரும்பப் புரட்டினேன். 7,200 என்று எழுதியும் வாய் திறக்காமல் இருந்தவர்கள் இன்னும் இரண்டு பேர்.